மாவுக்கட்டுக் காலத்துக்கு யார் கூலி தருவது?

மதுரையில் நாள் வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நாய் ஒன்று குறுக்கே ஓடுகிறது. வண்டியை ஒடிக்கிறார், அது கவிழ்கிறது. எதிரே வேறு வாகனம் இல்லை, வேறு யாருக்கும் அடி இல்லை. அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பைச் சரிசெய்து, மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான ஆட்டோக்களில் கிளட்ச் இடது கையில்தான் இருக்கிறது. கியரையும் அதே கைப்பிடியைத் திருகித்தான் மாற்ற வேண்டும். இடது மணிக்கட்டு முறிந்தால் அந்த ஆறு வாரமும் வண்டி எடுக்க முடியாது.

இந்த மனிதருக்கு எங்கிருந்து பணம் வரும்? ஆட்டோ ஓட்டுநர் சங்கம் ஒன்று காப்பீட்டு நிறுவனத்திடம் குழு விபத்துக் காப்பீடு கேட்டுக் கடிதம் எழுத உட்காரும்போது, முதலில் இந்தக் கேள்விக்கு விடை தேடுவது நல்லது. ஏற்கெனவே எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று தெரியாமல் எழுதப்படும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி, ‘உறுப்பினர் இறந்தால் இத்தனை லட்சம்’ என்று கேட்டு முடிந்துவிடுகின்றன.

ஆட்டோவுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டாயக் காப்பீடு மூன்றாம் நபருக்கானது. சாலையில் நடந்துபோனவருக்கும் எதிரே வந்தவருக்கும் அது பணம் தரும். தானே கவிழ்ந்த ஓட்டுநருக்குத் தராது. அதோடு ‘உரிமையாளர்-ஓட்டுநர்’ தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று உண்டு. 2018இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதன் தொகையைக் குறைந்தபட்சம் 15 லட்சமாக உயர்த்தியது. பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டினால் மட்டும் அது செல்லும். நாள் வாடகைக்காரருக்கு அது கிடையாது. சொந்த வண்டிக்காரருக்கும் உயிரிழப்பு, கை கால் கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்குத்தான் பணம். முறிந்து கூடிய மணிக்கட்டுக்கு ஒன்றுமில்லை.

சம்பளத்துக்கு ஓட்டுபவராக இருந்தால் தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டப்படி உரிமையாளர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை வண்டியின் பாலிசி ஏற்கும். ஆனால் நாள் வாடகையில் பணம் எதிர்த்திசையில் போகிறது: ஓட்டுபவர்தான் உரிமையாளருக்குக் கொடுக்கிறார். இங்கே முதலாளி, தொழிலாளி உறவு இருக்கிறது என்று நிரூபிப்பதே ஒரு வழக்கு. போதாக்குறைக்கு, வண்டியை உரிமையாளரிடமிருந்து வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், ஆகவே அதே வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது என்று ராம்கிலாடி வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மோட்டார் சைக்கிள் வழக்கு. ஆனால் வாடகை ஆட்டோ விஷயத்திலும் நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்துப் படிப்பது அந்தத் தீர்ப்பாகத்தான் இருக்கும்.

மிஞ்சுவது அரசுத் திட்டங்கள். பிரதமர் பெயரிலான சுரக்ஷா பீமா திட்டம் 2015இல் ஆண்டுக்கு 12 ரூபாய் பிரீமியத்தில் தொடங்கியது. 2022 ஜூன் முதல் 20 ரூபாய். வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். விபத்தில் இறந்தால் 2 லட்சம், இரு கண்களோ இரு கை கால்களோ போனால் 2 லட்சம், ஒன்று போனால் 1 லட்சம். தமிழ்நாட்டில் ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்கும் உதவித்தொகை தருகிறது. மருத்துவச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். உயிர் போனால் ஏதோ ஒன்று வருகிறது. உறுப்பு போனாலும் வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஓரளவு வழி இருக்கிறது. அடிபட்டு, பிழைத்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும் வாரங்களுக்கு மட்டும் யாரும் தருவதில்லை. ஆட்டோக்காரர் கந்துவட்டிக்குப் போவதும் வண்டித் தவணையைத் தவறவிடுவதும் அந்த வாரங்களில்தான். சங்கம் விலை கொடுத்து வாங்க வேண்டியது முதலில் இதைத்தான் என்பது என் கருத்து.

வாரப் பணத்தின் விலை

காப்பீட்டு மொழியில் இதற்கு ‘தற்காலிக முழு இயலாமை’ என்று பெயர். பல தனிநபர் விபத்துப் பாலிசிகளில் இது ஒரு கூடுதல் பிரிவாகக் கிடைக்கும். கேட்டால்தான் சேர்ப்பார்கள். 2021 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஆணையம் கொண்டுவந்த ‘சரல் சுரக்ஷா பீமா’ என்ற பொதுமாதிரிப் பாலிசியிலும் இது விருப்பப் பிரிவுதான். அதில் வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம் தருகிறார்கள். 3 லட்ச ரூபாய்ப் பாலிசிக்கு வாரம் 600 ரூபாய். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அரிசி பருப்புகூட வாங்க முடியாது. பழைய பாணிப் பாலிசிகள் பலவற்றில் வாரத்துக்கு 1 சதவீதம் உண்டு. ஆனால் வருமானச் சான்று கேட்பார்கள். ஆட்டோ ஓட்டுநரிடம் அது எங்கே இருக்கும்?

ஆகவே நிறுவனம் வைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடாமல், தனக்கேற்றபடி அமைத்துத் தரும்படி சங்கம் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 600 உறுப்பினர்கள் உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் விகிதங்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொள்ளும் ஊகங்கள். ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களின் கடந்த மூன்று ஆண்டு விபத்துகளை எண்ணி, தன் விகிதத்தை இதில் போட்டுக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு இரண்டாயிரம் பேரில் ஒருவர் விபத்தில் இறக்கிறார் என்று கொள்வோம். 600 பேரில் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒரு மரணம். காப்பீட்டுத் தொகை 5 லட்சம் என்றால், இதற்காக ஒரு தலைக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் ஒதுக்க வேண்டும். அடுத்து, நூறு பேரில் மூன்று பேர் எலும்பு முறிந்து சராசரியாக எட்டு வாரம் வீட்டில் இருக்கிறார்கள் என்று கொள்வோம். முதல் வாரத்தைக் கழித்துவிட்டு வாரம் 2,000 ரூபாய் தந்தால் ஒருவருக்கு 14,000 ரூபாய். அதை எல்லோர் தலையிலும் பரப்பினால் தலைக்கு 420 ரூபாய். நிரந்தர ஊனத்துக்கு 80 ரூபாய் சேர்ப்போம். மொத்தம் 750. நிறுவனம் தன் நிர்வாகச் செலவுக்கும் லாபத்துக்கும் பிரீமியத்தில் கால் பங்கு வைக்கும் என்றால் 1,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 1,180.

இந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கப்பட்டது, குழுப் பாலிசிகளுக்கு அந்த விலக்கு இல்லை. ஆட்டோக்காரர்கள் ஒன்றுசேர்ந்து வாங்கினால் வரி, வசதியுள்ளவர் தனியாக மருத்துவப் பாலிசி வாங்கினால் வரி இல்லை என்ற இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் கண்டுபிடிப்பது கடினம்.

கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. 5 லட்ச ரூபாய் மரணக் காப்பீட்டைவிட வாரம் 2,000 ரூபாய்தான் விலை கூடியது. மரணம் அபூர்வம், முறிவு அடிக்கடி நடக்கும். ‘10 லட்சம் காப்பீடு, ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்’ என்ற விளம்பரங்கள் சாத்தியமாவதும் இதனால்தான். 2022இல் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து 399 ரூபாய்க்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கொண்டுவந்தது. அதில் சேர்பவர்கள் எல்லாத் தொழில்களிலும் இருப்பவர்கள். நாளெல்லாம் சாலையிலேயே இருக்கும் ஓட்டுநர்கள் மட்டும் சேர்ந்த ஒரு குழுவை நிறுவனம் வேறு வகையில் வைத்துத்தான் விலை போடும். விபத்துக் காப்பீட்டில் தொழிலை வைத்து ஆபத்து வகை பிரிப்பது பழைய வழக்கம்: மேசை வேலை ஒரு வகை, உடலுழைப்பும் வண்டி ஓட்டுவதும் அடுத்த வகை.

1,180 ரூபாய் அதிகம் என்று சங்கம் நினைத்தால் எதைக் குறைப்பது? மரணத் தொகையைக் குறைக்கலாம். உறுப்பினர்கள் அனைவரும் 20 ரூபாய்த் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்று சங்கமே விதி வைத்துவிட்டால் 2 லட்சம் அங்கிருந்து வந்துவிடும். விபத்து மரணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாலிசிகளில் முழுத் தொகை பெறத் தடையில்லை. ஆகவே குழுப் பாலிசியில் 3 லட்சம் போதும்: தலைக்கு 150 ரூபாய். வாரப் பணத்தை 1,500 ஆக்கினால் 315. ஊனத்துக்கு 60. ஆக 525, செலவும் லாபமும் சேர்த்து 700, வரியோடு 826. அரசுத் திட்டத்தின் 20 ரூபாயைக் கூட்டினாலும் 846 ரூபாய். நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய்க்குள் முடிகிறது. மரணத்துக்கு முன்பு நினைத்த அதே 5 லட்சம், கூடவே மாவுக்கட்டுக் காலத்துக்கு வாரம் 1,500.

எளிய க்ளெய்ம் எங்கே தொடங்குகிறது

‘க்ளெய்ம் நடைமுறை எளிமையாக இருக்க வேண்டும்’ என்று கடிதத்தில் எழுதினால் எந்த நிறுவனமும் மறுக்காது; எதையும் மாற்றவும் செய்யாது. நடைமுறை எளிதா கடினமா என்பதை முடிவு செய்வது பாலிசி எதற்குப் பணம் தருவதாகச் சொல்கிறது என்பதுதான். நம் மணிக்கட்டுக்காரரை வைத்தே பார்ப்போம்.

வாரப் பணம் தரும் பழைய பாலிசி வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: காயத்தால் காப்பீடு பெற்றவர் எந்த வேலையிலும் எந்தத் தொழிலிலும் ஈடுபட முடியாத நிலையில் இருந்தால் அந்தக் காலத்துக்குப் பணம். இடது கையில் கட்டுப் போட்டவர் வலது கையால் டிக்கெட் கிழிக்கலாமே, கடையில் உட்காரலாமே என்று கேட்க இந்த வாசகம் இடம் தருகிறது. ‘தன் வழக்கமான தொழிலான ஆட்டோ ஓட்டுவதில்’ என்று மாற்றச் சொல்வது சங்கத்தின் கடிதத்தில் இடம்பெற வேண்டிய முதல் திருத்தம்.

ஆனால் அதை மாற்றிய பிறகும் சிக்கல் தீராது. எத்தனை வாரம் ஓட்ட முடியவில்லை என்று யார் சொல்வது? மருத்துவர் ‘ஆறு வார ஓய்வு’ என்று எழுதித் தருவார். நிறுவனம் அதை நம்பாது. நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது. ஓய்வுச் சான்று எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்பது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆகவே விசாரணை அதிகாரி ஒருவர் வருவார், ஸ்டாண்டில் விசாரிப்பார். உடற்தகுதிச் சான்று, வருமானச் சான்று, முந்தைய சிகிச்சைக் குறிப்புகள் என்று கடிதம் மேல் கடிதம் வரும். 7,500 ரூபாய்க்காக ஓட்டுநர் நான்கு நாள் சவாரியை விட்டு அலைவார்.

இதற்கு மாற்றுவழி, வாரக் கணக்கைக் கைவிட்டு, எந்த எலும்பு முறிந்தது என்பதற்கு நிலையான தொகை வைப்பது. முறிவு அட்டவணை ஒன்றைப் பாலிசியோடு இணைத்துவிடலாம். மணிக்கட்டு முறிவு சாதாரணமாக ஆறு வாரத்தில் கூடும்; முதல் வாரம் போக, வாரம் 1,500 வீதம் 7,500 ரூபாய். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்தால் நான்கு மாதம்வரை ஆகும், 22,500 ரூபாய். தோள்பட்டை எலும்பு, தொடை எலும்பு, விலா என்று பத்துப் பன்னிரண்டு வரிகளில் அட்டவணை முடிந்துவிடும். அப்போது க்ளெய்முக்குத் தேவைப்படுவது எக்ஸ்ரேயும் மருத்துவமனைச் சீட்டும் மட்டுமே. சீக்கிரம் குணமாகி ஐந்தாவது வாரமே வண்டி எடுத்தவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, தாமதமானவரும் நிரூபிக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் முறிவு தெரியும் அல்லது தெரியாது.

இதில் ஒரு குறையும் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. எலும்பு முறியாமல் தசைநார் கிழிந்தவருக்கும் ஆழமான தீக்காயம் பட்டவருக்கும் அட்டவணையில் இடம் இருக்காது. ‘குறைந்தது மூன்று இரவு மருத்துவமனையில் தங்கினால் ஒரு நிலையான தொகை’ என்று இன்னொரு வரி சேர்த்து இதை ஓரளவு ஈடுகட்டலாம். முழுவதும் அடைக்க முடியாது.

நிரந்தர ஊன அட்டவணையையும் ஒரு முறை வாசித்துப் பார்ப்பது நல்லது. பல பாலிசிகளில் விரல்களுக்கு விலை போட்ட அட்டவணை ஒன்று இருக்கும். பெருவிரல் போனால் இத்தனை சதவீதம், ஆள்காட்டி விரல் போனால் இத்தனை என்று. எல்லாத் தொழிலுக்கும் பொதுவாகப் போடப்பட்டது அது. கணக்கெழுதுபவருக்கு இடது கைப் பெருவிரல் இல்லாவிட்டாலும் பிழைப்பு நடக்கும். கைப்பிடியை இறுக்கித் திருகிக் கியர் மாற்றுபவருக்கு அதுதான் பிழைப்பு. இடது கைப் பெருவிரலுக்கும் பிரேக் மிதிக்கும் வலது பாதத்துக்கும் சதவீதத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். இந்த இழப்புகள் அபூர்வம் என்பதால் பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் வராது.

அடுத்தது போலீஸ் காகிதம். விபத்து என்றதும் நிறுவனங்களின் படிவத்தில் முதல் வரியே முதல் தகவல் அறிக்கை கேட்கிறது. மரணத்துக்கு அது தேவைதான், கிடைக்கவும் செய்யும். ஆனால் ஒற்றை வண்டி தானாகக் கவிழ்ந்து ஓட்டுநருக்கு மட்டும் கை முறிந்தால் யார் வழக்குப் பதிவார்கள்? ஓட்டுநரே போய்க் கேட்டாலும், அஜாக்கிரதையாக ஓட்டியதாக அவர் மேலேயே வழக்கு வருமோ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. இங்கே மாற்று ஆவணம் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். விபத்துக் காயத்தோடு வருபவரை அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிவார்கள். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று நோயாளி சொன்னது அதில் இருக்கும். அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். காயத்துக்கான க்ளெய்முக்கு ஏ.ஆர். காப்பியோ காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோ, இரண்டில் ஒன்று போதும் என்று பாலிசியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இதற்கு ஈடாகச் சங்கம் எதைத் தர முடியும்? சரிபார்ப்பு வேலையைத் தர முடியும். விபத்து நடந்த இரண்டு நாளுக்குள் ஸ்டாண்டுப் பொறுப்பாளர் நேரில் பார்த்து, வண்டியையும் காயத்தையும் படமெடுத்து, ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புவார் என்று சங்கம் உறுதி தரலாம். நிறுவனம் ஒரு விசாரணை அதிகாரியை அனுப்பினால் அதற்கே ஆயிரக்கணக்கில் செலவு. சங்கம் அந்தச் செலவை மிச்சப்படுத்துகிறது. எளிய க்ளெய்மைக் கருணையாகக் கேட்காமல் பண்டமாற்றாகப் பேச இந்த இடம்தான் வாய்ப்புத் தருகிறது.

கடிதத்தில் அந்தப் பத்தி இப்படி அமையலாம்: ‘25,000 ரூபாய்க்கு உட்பட்ட காயக் க்ளெய்ம்களுக்கு உறுப்பினர் அட்டை, ஏ.ஆர். காப்பி அல்லது சி.எஸ்.ஆர். ரசீது, எக்ஸ்ரே அறிக்கை, மருத்துவமனைச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றோடு எங்கள் பொறுப்பாளரின் நேரடிச் சரிபார்ப்புப் படிவத்தையும் சேர்த்து வாட்ஸ்அப் வழியாக அனுப்புவோம். இவை தவிர வேறு ஆவணம் கேட்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஏழு வேலை நாளுக்குள் ஒரே முறையில் கேட்க வேண்டும்.’ இதில் கடைசி வாக்கியம் புதுமையானது இல்லை. கூடுதல் ஆவணங்களைத் தவணை தவணையாகக் கேட்காமல் இயன்றவரை ஒரே தடவையில் கேட்க வேண்டும் என்று பாலிசிதாரர் நலன் காக்கும் 2017ஆம் ஆண்டு விதிகளே சொல்லியிருந்தன. கடைசி ஆவணம் கிடைத்த 30 நாளுக்குள் முடிவு, தாமதித்தால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி என்பதும் அவற்றில் இருந்தது. காலம் தாழ்த்தித் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்துக்காக இயந்திரம் போல் க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. பொது விதியாக இருப்பதைத் தன் பாலிசியின் வாசகமாக மாற்றிக்கொண்டால், நாளை வாதாட வேண்டியதில்லை. பக்கத்தைக் காட்டினால் போதும்.

மறுப்பு வரும் மூன்று வாசல்கள்

மரணக் க்ளெய்மில் பணம் பெரிது, ஆகவே மறுப்பும் கடுமையாக இருக்கும். ஓட்டுநர்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் மூன்று வழியாக வருகிறது.

ஒன்று, இது விபத்தே இல்லை என்பது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வலித்து, வண்டி மோதி, ஓட்டுநர் இறந்தால் அது மாரடைப்பா, விபத்தா? அல்கா சுக்லா வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதைத்தான் ஆராய்ந்தது. மோட்டார் சைக்கிளில் போனவர் நெஞ்சு வலியோடு விழுந்து இறந்தார். விழுந்த காயத்தால்தான் மரணம் என்று காட்டப்படாததால் விபத்துப் பலன் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அப்படியானால் மரணத்துக்கு எது காரணம் என்று சொல்லும் பிரேதப் பரிசோதனை அறிக்கைதான் இங்கே உயிர்நாடியான ஆவணம். உடலை அறுக்க வேண்டாம் என்று கெஞ்சி வாங்கிப்போகும் குடும்பங்கள் உண்டு. அந்த நேரத்தில் அவர்களிடம் பேச வேண்டியது சங்கத்தின் ஆள். மாரடைப்பு மரணம் இந்தக் காப்பீட்டில் வராது என்பதை உறுப்பினர்களிடம் சேரும்போதே சொல்லிவிடுவதும் சங்கத்தின் வேலை. அதற்கு ஆயுள் காப்பீடுதான் வேண்டும்.

இரண்டு, மது. மதுபோதையில் நடந்த விபத்துக்குப் பணம் இல்லை என்பது அநேகமாக எல்லாப் பாலிசியிலும் உண்டு. அதை நீக்கச் சொல்லிச் சங்கம் கேட்கக் கூடாது, கேட்டாலும் கிடைக்காது. ஆனால் போதை என்று எதை வைத்து முடிவு செய்வது? ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டாலும் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு போதையை நிறுவலாம் என்று பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அது விலையுயர்ந்த கார் ஒன்றின் சேதத்துக்கான வழக்கு. அதே தர்க்கம் ஏ.ஆர். காப்பியில் பணிநேர மருத்துவர் எழுதிய ‘மது வாடை’ என்ற இரண்டு சொற்களைப் பெரிய ஆயுதமாக்கிவிடும். ஆகவே, மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் அதே அளவை, அதாவது 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் என்பதை, பரிசோதனை மூலம் காட்டினால்தான் இந்த விலக்குச் செல்லும் என்று எழுதச் சொல்லிக் கேட்கலாம். நிறுவனம் தயங்கும். சிறிய காயக் க்ளெய்ம்களுக்காவது ஒப்புக்கொள்ள வைக்க முடிந்தால் அதுவே லாபம்.

மூன்று, உரிமம். இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தைத் தனி ஒப்புதல் இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு முடித்துவைத்தது. பேட்ஜ் இல்லை என்று சொல்லி மறுப்பது இனி எளிதில்லை. காலாவதியான உரிமம் வேறு விஷயம். புதுப்பிக்க மறந்த உரிமத்தோடு நடந்த விபத்தில் நிறுவனம் மறுத்தால் வாதாடலாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆகும். உறுப்பினர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் உரிமம் முடியும் தேதியையும் எழுதி, ஒரு மாதம் முன்பே நினைவூட்டும் சங்கம் இந்த வாசலை அடைத்துவிடும்.

பணம் சேரும் தேதி

இவ்வளவையும் சரியாகப் பேசி முடித்த பிறகும் ஒரு திட்டம் வீணாகப் போக முடியும். அது சங்க அலுவலகத்திலேயே நடக்கும். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 64வி.பி. என்ற பிரிவு இருக்கிறது. பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் நிறுவனம் பொறுப்பேற்கக் கூடாது என்பது அதன் சாரம். இப்போது ஸ்டாண்டில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். உறுப்பினர்கள் மாதம் 70, 80 ரூபாய் என்று தவணையாகத் தருகிறார்கள். பொருளாளர் எல்லோரும் கட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்து மொத்தமாக அனுப்புகிறார். நடுவில் பணம் கட்டிய ஒருவர் அடிபடுகிறார். சங்கத்தின் ரசீது கையில் இருக்கிறது, நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இல்லை. சட்டப்படி அவருக்குக் காப்பீடு இல்லை.

இதைத் தவிர்க்க, முதல் ஆண்டுப் பிரீமியத்தைச் சங்க நிதியிலிருந்து முன்பணமாகக் கட்டிவிட்டு உறுப்பினர்களிடம் பிறகு வசூலிக்கலாம். 600 பேருக்கு 826 ரூபாய் வீதம் 4,95,600 ரூபாய் வேண்டும். எல்லாச் சங்கத்திடமும் இருக்காது. இல்லையென்றால் மாதம் ஒரு தேதியில் புதிய பெயர்களைச் சேர்த்து, மீதி நாட்களுக்கு மட்டும் பிரீமியம் கணக்கிடும் ஏற்பாட்டைக் கேட்க வேண்டும். எந்த முறையானாலும், ஒவ்வொருவருக்கும் பெயர், தொடங்கும் தேதி, நாமினி பெயர் அச்சிட்ட தனிச் சான்றிதழ் வர வேண்டும். நாமினி அதில் இருந்தால் இறந்தவரின் மனைவியிடம் வாரிசுச் சான்று வாங்கி வரச் சொல்லி மாதக்கணக்கில் அலைக்கழிக்கும் காரணம் குறையும். பிரீமியத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடச் சங்கம் தனக்கென்று கூட்டி வசூலிக்கக் கூடாது என்பதும் குழுக் காப்பீட்டின் விதி. காப்பீடு வாங்குவதற்கென்றே சேர்ந்த கூட்டத்துக்குக் குழுப் பாலிசி தரக் கூடாது என்பதும் அப்படியே. சட்டப்படி பதிவான தொழிற்சங்கத்துக்கு இந்தக் கடைசிக் கேள்வி எழாது.

நிறுவனத்தோடு தகராறு முற்றினால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளைக் கட்டணமில்லாமல், வக்கீல் இல்லாமல் அங்கே விசாரிக்கிறார்கள். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. அதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தந்து ஒரு மாதம் காத்திருந்ததற்கு ஆதாரம் வேண்டும். தொலைபேசியில் சண்டை போட்டதெல்லாம் கணக்கில் வராது.

குழுப் பாலிசி ஓர் ஆண்டுக்குத்தான். புதுப்பிக்கும்போது விலையை முடிவு செய்வது கடந்த ஆண்டு எவ்வளவு க்ளெய்ம் போனது என்பது. நம் கணக்கில் 600 பேருக்கு ஆண்டுக்குப் பதினெட்டு முறிவுகள். ஓர் ஆண்டில் தற்செயலாக முப்பது நடந்துவிட்டால் நிறுவனம் பிரீமியத்தை ஒன்றரை மடங்கு கேட்கும். அப்போது வேறு நிறுவனத்தை அணுகலாம் என்றால், அவர்கள் முதலில் கேட்பது பழைய நிறுவனத்தின் க்ளெய்ம் விவர அறிக்கை. பாலிசி முடிவதற்கு ஒரு வாரம் முன்புவரை அதைத் தராமல் இழுத்தால் சங்கத்துக்கு வேறு வழியே இருக்காது, சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். ஆகவே, முடிவுத் தேதிக்கு 60 நாள் முன்பே க்ளெய்ம் விவர அறிக்கை எழுத்தில் தரப்படும் என்ற வரியும் முதல் ஆண்டுக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். சங்கமும் தன் பங்குக்கு ஒரு நோட்டில் ஒவ்வொரு விபத்தையும் தேதி, முறிந்த எலும்பு, கேட்ட தொகை, கிடைத்த தொகை, கிடைத்த நாள் என்று எழுதி வைத்திருந்தால், நிறுவனத்தின் அறிக்கையில் ஒரே க்ளெய்ம் இரண்டு முறை ஏறியிருந்தாலும், மறுத்ததைக் கொடுத்ததாகக் காட்டியிருந்தாலும் அன்றைக்கே பிடித்துவிடலாம்.